நோட்டுல ஏறாத பன்னிரண்டாயிரம்

2025 நவம்பர் 12-ஆம் தேதி டெல்லியிலிருந்து ஒரு எண் வந்துச்சு. அக்டோபர் மாசத்துச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படையா வெச்சுப் போட்ட அந்தக் கணக்குல இவ்வளவு குறைவா எப்பவும் வந்ததில்ல. விலைவாசி அடங்கிடுச்சுன்னு அன்னைக்கு ராத்திரி எல்லாச் சேனலும் சொல்லுச்சு.

அதே அறிக்கையில மாநிலவாரியா ஒரு பட்டியல் உண்டு. அதுல கேரளாவுக்கு நேரா இருந்த எண் 8.56. நாட்டிலேயே அதிகம் அதுதான். அதுக்கு முந்தின மாசம் 9.05.

இடக்கொச்சியில பையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போறவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. 2024 ஆரம்பத்துல லிட்டர் இருநூறு ரூபாயை ஒட்டி இருந்த தேங்காய் எண்ணெய், 2025 நடுவுல ஐநூறைத் தாண்டிச்சு. மாசம் ரெண்டு லிட்டர் வாங்குற வீட்டுல அந்த ஒரு பொருளுக்கே அறுநூறு ரூபாய் கூடிப் போச்சு. சம்பளம் வாங்குறவங்க முதலாளிகிட்டக் கேக்கலாம், ஓவர்டைம் பாக்கலாம். சம்பளமே இல்லாத வயசான தம்பதி யார்கிட்டக் கேப்பாங்க?

கோபம் வர்றது அந்த 0.25 மேல இல்ல. அது நாட்டோட சராசரி, அதுக்கு ஒரு வேலை இருக்கு. கோபம் எல்லாம், அந்த மாதிரி ஒரே ஒரு எண்ணை வெச்சு வயசானவங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்குறவங்க மேலதான். "கடைசியா வாங்கின சம்பளத்துல எழுபது சதவீதம் இருந்தாப் போதும்", "வருஷம் ஆறு சதவீதம் கூட்டிக்கோங்க", முடிஞ்சது! எந்த வீடு, எந்த ஊர், என்ன மாத்திரை, சுவர் எப்படி இருக்கு, எதுவும் கேக்கிறதில்ல.

சரி, ஒரு வீட்டையே முழுசா எடுத்துப் போட்டுப் பார்த்துடலாம். இது கணக்குக்காகக் கட்டிக்கிட்ட வீடு. ஆனா இடக்கொச்சி, பள்ளுருத்தி பக்கம் இந்த மாதிரி வீடுகள் நிறைய. திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்து, மட்டாஞ்சேரியில ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில கணக்கு எழுதி, 58 வயசுல ஓய்வு பெற்றவர். இப்போ வயசு 66. மனைவிக்கு 62. சொந்த வீடு. பிள்ளைங்க வெளியூர்ல. பேர் வேண்டாம், அண்ணாச்சி, அக்கான்னே கூப்பிடுவோம்.

முதல்ல வரவு. வருங்கால வைப்பு நிதியோட சேர்ந்த பென்ஷன் மாசம் 3,000. (தனியார் கம்பெனியில இவ்வளவு வருஷம் உழைச்சதுக்கு இதானான்னு தோணும். 2014 செப்டம்பர் வரைக்கும் அந்தக் கணக்குல சம்பளத்துக்கு உச்சவரம்பு 6,500, அப்புறம் 15,000. அதைச் சேவை வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுப்பாங்க. அரசாங்க பென்ஷன் மாதிரி இதுக்குப் பஞ்சப்படி கிடையாது. இன்னைக்கு 3,000-ன்னா பத்து வருஷம் கழிச்சும் 3,000-தான்.)

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 2023-ல போட்ட 24 லட்சம். 8.2 சதவீத வட்டி. வருஷத்துக்கு 1,96,800. தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துல ரெண்டு பேர் பேர்லயும் 12 லட்சம், 7.4 சதவீதம், மாசம் 7,400. எல்லாம் சேர்த்து வருஷ வரவு 3,21,600. மாசத்துக்குப் பிரிச்சா 26,800. இது போக, ஆஸ்பத்திரின்னு வந்தா எடுக்க மூணு லட்சம் பேங்க்ல தனியா. அதைத் தொடக் கூடாது.

அடுத்தது செலவு. அண்ணாச்சி கணக்கு எழுதியே வாழ்ந்தவர், அதனால வீட்டுலயும் நோட்டு இருக்கு. ஒரு மாசத்துப் பக்கத்தைப் பார்த்தா பலசரக்கு 5,000, பால் 1,700, காய்-பழம்-மீன் 3,500, கேஸுக்கு 600, போனும் கேபிளும் 900, ஆட்டோ-பஸ்-கோயில் 1,200. கூட்டினா 12,900. மாத்திரை 1,850. மொத்தம் 14,750.

"பதினஞ்சாயிரம்கூட ஆகல. மாசம் பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிக்கிறோம்"னு அண்ணாச்சி சொல்லுவாரு.

"அப்போ அந்த மிச்சம் எங்கே?"ன்னு அக்கா கேப்பாங்க. கேள்வி ரொம்ப நியாயமானது.

நோட்டு பொய் சொல்லல. அந்த மாசம் கரண்ட் பில் வரல, அவ்வளவுதான். கே.எஸ்.இ.பி. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் பில் போடும். தண்ணி பில்லும் அப்படியே. கார்ப்பரேஷன் கட்டிட வரி அரை வருஷத்துக்கு ஒருக்க. இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒருக்க. ஓணம், தீபாவளி அந்தந்த மாசத்துல. மோட்டார் எப்போ எரியும்னு மோட்டாருக்கே தெரியாது. ஒரு மாசத்தை எடுத்து வெச்சுக்கிட்டு "மாசச் செலவு இவ்வளவு"ன்னா, அந்த மாசத்துல எட்டிப் பார்க்காத செலவு எல்லாம் கணக்குலேர்ந்தே தப்பிச்சுடும். அதனால அளக்க வேண்டியது வருஷம். வருஷத்தை அளந்து முடிச்சுட்டுத்தான் பன்னிரண்டால வகுக்கணும்.

மாத்திரையிலேர்ந்து ஆரம்பிப்போம். அதிகமாத் தப்பு நடக்கிற இடம் அது.

அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின். அக்காவுக்குத் தைராய்டுக்கு லெவோதைராக்ஸின், அதோட பிரஷர் மாத்திரை. மாசச் செலவு 1,850-ன்னு நோட்டுல இருக்கிறது முப்பது நாளைக்கு. வருஷத்துக்கு 365 நாள். 365-ஐ முப்பதால வகுத்தா பன்னிரண்டு வராது, 12.17 வரும். அதனால மாத்திரைக்கு வருஷத்துக்கு 22,200 இல்ல, 22,500. முந்நூறு ரூபாய்தானேன்னு விட்டுடலாம். ஆனா பத்து மாத்திரை அட்டை, பதினஞ்சு மாத்திரை அட்டை, நூறும் நூத்தியிருபதும் இருக்கிற தைராய்டு டப்பான்னு கலந்து வாங்கும்போது ஒரு மாசம் 1,400, அடுத்த மாசம் 2,300-ன்னு குதிக்கும். எந்த மாசத்து எண்ணை நம்புறது? அதுக்கு ஒரே வழி, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒண்ணு என்ன விலைன்னு பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனைன்னு பெருக்கி, அதை 365-ஆல பெருக்குறது. இப்படி ஒருக்கப் போட்டு வெச்சுட்டா, டாக்டர் மாத்திரையை மாத்துறப்போ அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினாப் போதும்.

மாத்திரையோட கூடவே வர்றது ஒண்ணு இருக்கு. அதை யாரும் மாத்திரைச் செலவுல எழுதுறதில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்க சர்க்கரை டெஸ்ட், தைராய்டு டெஸ்ட், டாக்டர் ஃபீஸ். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 1,500 வெச்சாலும் வருஷம் 6,000. கண் டெஸ்டு, கண்ணாடி, பல்லு, இதெல்லாம் சேர்த்து இன்னொரு 6,000. ஆக வைத்தியச் செலவு வருஷம் 34,500. மாசத்துக்கு 2,875. நோட்டுல இருந்தது 1,850!

விலை எப்படி ஏறுதுன்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா மருந்து விலை மத்த விலை மாதிரி ஏறாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற மருந்துகளுக்கு உச்சவிலையை மத்திய அரசோட மருந்து விலை ஆணையம் வைக்குது. வருஷா வருஷம் ஏப்ரல் 1-லேர்ந்து மொத்தவிலைக் குறியீடு எவ்வளவு மாறிச்சோ அவ்வளவுதான் ஏத்தலாம். 2022-ல 10.77 சதவீதம் ஏத்த அனுமதி. 2023-ல 12.12 சதவீதம். ரெண்டு வருஷத்துல நூறு ரூபாய் மாத்திரை நூத்தியிருபத்தி நாலு வரைக்கும் போகலாம்னு அர்த்தம். அப்புறம் 2024-ல கிட்டத்தட்ட பூஜ்யம், 2025-ல 1.74. பட்டியல்ல இல்லாத மருந்துன்னா, கம்பெனி பன்னிரண்டு மாசத்துக்குள்ள பத்து சதவீதம் வரைக்கும் ஏத்திக்கலாம்.

இது அண்ணாச்சிக்கு எங்கே வந்து நிக்குதுன்னா, டெல்மிசார்டன் தனி மாத்திரை அந்தப் பட்டியல்ல இருக்கு, அம்லோடிபின் தனி மாத்திரையும் இருக்கு. ஆனா ரெண்டு மூணு மருந்தை ஒண்ணாச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பலதும் அதுல இல்ல. ஒரே மாத்திரையாப் போட்டா மறக்காதுன்னு டாக்டர் மாத்திக் கொடுக்கலாம். அதுல வைத்தியக் காரணம் இருக்கு, குறை சொல்ல முடியாது. ஆனா விலையையும் அடுத்த தடவை டாக்டர்கிட்டக் கேட்டுடணும். அதோட, அதே மருந்து மக்கள் மருந்தகத்துல என்ன விலைன்னும் பார்க்கணும். வழக்கமான பிராண்டைவிட அங்கே பாதிக்கும் கீழேகூட இருக்கும். கேரளாவுல நீதி ஸ்டோரும் காருண்யா மருந்தகமும் வேற இருக்கு. (தைராய்டு மாத்திரையை மட்டும் பிராண்டு மாத்துறதா இருந்தா டாக்டர்கிட்டச் சொல்லாம மாத்தவே வேண்டாம். மாத்தின பிறகு டெஸ்ட் ஒருக்கப் பார்க்கச் சொல்லுவாங்க.) 2025 செப்டம்பர் 22-லேர்ந்து பெரும்பாலான மருந்துக்கு ஜி.எஸ்.டி. பன்னிரண்டுலேர்ந்து அஞ்சாக் குறைஞ்சதால, பழைய பில்லை வெச்சுக் கணக்குப் போட்டா கொஞ்சம் கூடுதலாத் தெரியும். புது பில்லை எடுத்துக்கோங்க.

வயசானவங்க மருந்துச் செலவு விலையால மட்டும் ஏறுறதில்ல, எண்ணிக்கையாலயும் ஏறும். 66-ல நாலு மாத்திரை, 72-ல ஆறு. அதுக்காக இந்த வரியில விலைவாசியைவிட ரெண்டு சதவீதமாவது கூட வைக்கணும். வருஷம் எட்டுன்னு வெச்சுப்போம்.

இன்சூரன்ஸ் தனி வரி. ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு லட்சத்துக்கு வருஷம் 42,000. அதே செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. முழுசாப் போயிடுச்சு, நல்லது. அறுபது தாண்டினவங்களுக்கு ஒரு வருஷத்துல பத்து சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா முன்கூட்டியே தங்களைக் கேக்கணும்னு காப்பீட்டு ஆணையம் 2025 ஜனவரியில உத்தரவு போட்டிருக்கு. அதுவும் நல்லது. ஆனா பத்து வரைக்கும் கேக்காமலே ஏத்தலாம்னுதானே அதுக்கு அர்த்தம்? அதனால கணக்குல பத்தையே வைக்கணும்.

வைத்தியமும் இன்சூரன்ஸும் சேர்த்து 76,500. பின்னால வரப் போற மொத்தச் செலவுல இது கிட்டத்தட்ட கால் பங்கு. அந்த 0.25 வந்த குறியீட்டுல, நாட்டுச் சராசரிக் குடும்பத்துக்கு ஆரோக்கியத்துக்கு வெச்சிருந்த பங்கு 5.89 சதவீதம். அண்ணாச்சி வீட்டு விலைவாசி டி.வி. சொல்ற விலைவாசி ஆகாதுன்னு சொல்ல இது ஒண்ணே போதும்.

கரண்ட், தண்ணி, வரி இதுல பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு 15,600, மாசம் 1,300. கரண்டுல மட்டும் கவனம் வேணும். மாசம் 250 யூனிட்டுக்குள்ள இருந்தா படிப்படியான கட்டணம், தாண்டிட்டா மொத்த யூனிட்டுக்கும் ஒரே மேல் விலை. மகன் குடும்பத்தோட ஏப்ரல்-மே லீவுக்கு வந்து ஏ.சி. ஓடினா அந்த ஒரு பில் எகிறும். அதை வழக்கமான பில்லா எடுத்துக்காதீங்க, விட்டும் விடாதீங்க. வருஷத்து ஆறு பில்லையும் கூட்டுங்க.

பண்டிகை. இந்த வீட்டுக்குப் பண்டிகை ரெட்டிப்பு. தமிழ்நாட்டுல இருந்திருந்தா பொங்கல், தீபாவளியோட போச்சு. இங்கே ஓணம் இருக்கு, விஷு இருக்கு, பள்ளுருத்தி அழகியகாவுல புலவாணிபச் சந்தை இருக்கு. ஓணத்துக்குச் சத்யையும் துணியும் 8,000. தீபாவளி 6,000. பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வர 7,000. (ரயில்ல ஆண்களுக்கு நாப்பது, பெண்களுக்கு ஐம்பது சதவீதம் இருந்த முதியோர் சலுகை 2020 மார்ச்சுல நிறுத்தினது, இன்னும் வரல. வயசானவங்களுக்கு இருந்த பெரிய பயண உதவி அது. திரும்பக் கொடுக்கணும்.) விஷுக் கைநீட்டம், சந்தை ரெண்டும் சேர்த்து 5,000. கல்யாணம், காதுகுத்து மொய் 10,000. மொத்தம் 36,000.

மொய்யில ஒரே ஒரு விஷயம். "பேத்திக்கு ஒரு சவரன், தங்கச்சி பொண்ணுக்குக் கால் சவரன்"னு தங்கத்துல வாக்குக் கொடுத்துடக் கூடாது. 2025 ஜனவரியில கேரளாவுல சவரன் 57,000-ஐ ஒட்டி இருந்தது, அக்டோபர்ல 97,000-ஐத் தாண்டிச்சு. அந்த வேகத்துக்கு எந்தச் சேமிப்புக் கணக்கும் ஈடு கொடுக்காது. பணமா, இவ்வளவுதான்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கறதுதான் மரியாதை, ரெண்டு பக்கத்துக்கும்.

இனி ரிப்பேர். இடக்கொச்சிக்கே உரிய செலவு இங்கேதான் இருக்கு.

மூணு பக்கமும் காயல் சூழ்ந்த ஊர். நவம்பர், டிசம்பர்ல, விருச்சிக மாசத்துல, பௌர்ணமி அமாவாசையை ஒட்டிக் கடல் பெருகுறப்போ உப்புத் தண்ணி ஓடை வழியா ஏறி முற்றத்துக்கு வந்துடும். இங்கே அதை வேலியேற்றம்னு சொல்றாங்க. இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி எல்லா இடத்துலயும் இதே கதை. தண்ணி சில மணி நேரத்துல வடிஞ்சுடும். உப்பு வடியாது. சுவருக்குள்ள ஏறி, காயுறப்போ படிகமாகி, பூச்சைப் பின்னாலேர்ந்து தள்ளும். தரையிலேர்ந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்குச் சுவர்ல வெள்ளையாப் பூத்து, தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வந்தா அதுதான்.

இதுல பணம் வீணாப் போறது எப்படின்னா, ஓணத்துக்கு முன்னாடி, மழை ஈரத்தோட, அந்தச் சுவர் மேலேயே பெயிண்ட் அடிக்கிறது. கார்த்திகை வரைக்கும் பளபளன்னு இருக்கும். தை மாசம் உரியும். சரியான வழி, உப்பு ஏறின பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் வெயில்ல காய விட்டு, அப்புறம் பூசி, பூச்சு காய்ஞ்ச பிறகு பெயிண்ட் அடிக்கிறது. கீழே ரெண்டு அடிக்கு டைல்ஸ் ஒட்டிட்டா அழகா இருக்கும்னு சொல்லுவாங்க. ஈரம் வெளியே போக வழி இல்லாம டைல்ஸுக்கு மேல ஏறி அங்கே பூக்கும், அதனால வேண்டாம். மேலே கான்கிரீட்டையும் அண்ணாந்து பார்க்கணும். கூரையில கம்பி ஓடுற வரிசையில பழுப்புக் கோடு தெரிஞ்சா, உள்ளே கம்பி துருப்பிடிச்சு ஊதுதுன்னு அர்த்தம். அந்த நிலையில ஒட்டுப்போடுற செலவோட முடியும். விட்டுட்டா சிமெண்ட் அட்டை அட்டையா விழும், அப்புறம் பேச்சே லட்சத்துலதான்.

இதையெல்லாம் மாசக் கணக்குல எப்படிக் கொண்டு வர்றது? ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு எண் வேணும், இன்னைக்குப் புதுசா மாத்த எவ்வளவு, எத்தனை வருஷம் தாங்கும். முதல் எண்ணை ரெண்டாவது எண்ணால வகுத்தா வருஷத்துக்கு ஒதுக்க வேண்டியது வந்துடும். பூச்சும் பெயிண்டும் 60,000, ஆறு வருஷம்: 10,000. மொட்டை மாடி ஒழுக்கும் கான்கிரீட் ஒட்டும் 80,000, பத்து வருஷம்: 8,000. இன்வெர்ட்டர் பேட்டரி 14,000, நாலு வருஷம்: 3,500. தண்ணி மோட்டார் 12,000, ஆறு வருஷம்: 2,000. ஃபிரிட்ஜ் 24,000, பன்னிரண்டு வருஷம்: 2,000. (வேலியேற்றத்துல தண்ணி உள்ளே வர்ற வீடுன்னா ஃபிரிட்ஜுக்கு எட்டு வருஷம்னு வையுங்க, அடியிலேர்ந்து துருப்பிடிக்கும்.) வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன், போன் எல்லாம் சேர்த்து 40,000, எட்டு வருஷம்: 5,000. குழாய், சுவிட்ச்னு சில்லறை வேலைக்கு மாசம் 500, வருஷம் 6,000. மொத்தம் 36,500.

ரிப்பேர்ல பாதி ஆள் கூலி. அதுவும் கேரளாவுல. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளிக்கு நாட்டுச் சராசரி நாள் கூலி 393 ரூபாய், கேரளாவுல 852. உழைக்கிறவருக்கு அது நியாயமான கூலி, குறைச்சுக் கேக்க வேண்டாம். ஆனா சென்னையிலயோ மதுரையிலயோ இருக்கிற சொந்தக்காரர் சொல்ற ரிப்பேர் செலவை இங்கே வெச்சுப் போட்டா கணக்கு பாதியிலேயே நிக்கும்.

இப்போ மொத்தமாக் கூட்டலாம். மாசா மாசம் வர்றது வருஷத்துக்கு 1,54,800. வைத்தியம் 34,500. இன்சூரன்ஸ் 42,000. கரண்ட்-தண்ணி-வரி 15,600. பண்டிகை 36,000. ரிப்பேர் 36,500. மொத்தம் 3,19,400. மாசத்துக்கு 26,600.

நோட்டுல 14,750. நிஜம் 26,600. அக்கா கேட்டாங்களே, மிச்சம் எங்கேன்னு. இங்கேதான்.

வரவு 26,800. அப்போ சரியாப் போச்சே, இருநூறு ரூபாய் மிச்சம்கூட இருக்கேன்னு அண்ணாச்சி நிம்மதியாயிடக் கூடாது. இந்த வருஷம்தான் சரி. வரவுல ஒரு ரூபாயும் நகராது. செலவு நகரும். வீட்டுச் செலவும் பண்டிகையும் வருஷம் ஆறு, கரண்ட்-வரி அஞ்சு, வைத்தியமும் ரிப்பேரும் எட்டு, இன்சூரன்ஸ் பத்துன்னு தனித்தனியா ஏத்திப் பார்த்தா, அஞ்சாவது வருஷ முடிவுல செலவு மாசம் சுமார் 37,300 வருது. (மொத்தத்துக்கு வருஷம் ஏழு சதவீதம். 0.25-ஐயும் ஏழையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.) மாசம் பத்தாயிரத்துக்கு மேல பள்ளம்.

அதுக்குள்ள 2028-ல மூத்த குடிமக்கள் திட்டத்தோட அஞ்சு வருஷம் முடியும். நீட்டிக்கலாம், ஆனா அன்னைக்கு என்ன வட்டியோ அதுதான். 2020 ஏப்ரல்ல 8.6-லேர்ந்து ஒரே அடியா 7.4-க்கு இறக்கினாங்க, மறந்துடக் கூடாது. மறுபடி 7.4 வந்தா 24 லட்சத்துக்கு வருஷ வரவு 19,200 குறையும். மாசம் 1,600.

பள்ளம் வந்தா போட்ட முதலையே எடுப்போம்னு வெச்சுக்கிட்டா, வட்டி இதே அளவுல நின்னாலும் 36 லட்சம் சுமார் பதினாலு வருஷம் வரும். அப்போ அண்ணாச்சிக்கு 80. அக்காவுக்கு 76 தான். அவருக்கு முன்னாடியே ஏதாவது ஆச்சுன்னா அக்காவுக்கு வர்ற பென்ஷன் பாதி, 1,500. ஆனா வீட்டுச் செலவு பாதியாகாது. கரண்டு, வரி, சுவர், மோட்டார் எல்லாத்துக்கும் ஒருத்தர் இருந்தாலும் அதே செலவுதான். கணக்கை 80-ல முடிக்காம அக்காவோட 90 வரைக்கும் போடணும்கிறது இதனாலதான்.

அப்போ என்ன செய்யலாம்? வரவைக் கூட்ட வழி இருக்கிறவங்க ரொம்பக் கம்மி. மாடியில ஒரு ரூம் வாடகைக்குப் போனா அது தனி பலம், வாடகை விலைவாசியோட ஏறும். அது இல்லைன்னா, முதல் அஞ்சு வருஷத்துல வட்டி முழுசையும் சாப்பிடாம இருக்கிறது ஒண்ணுதான் வழி. மருந்தை மக்கள் மருந்தகத்துக்கு மாத்தினா வருஷம் பத்தாயிரம் சொச்சம் மிஞ்சலாம். மொய்க்கு வரம்பு வெச்சா ஒரு நாலாயிரம். ஈரச் சுவர்ல பெயிண்ட் அடிக்கிறதை நிறுத்தினா அதுல கொஞ்சம். மாசம் ரெண்டாயிரம் திரும்ப முதலுக்குப் போனாலே அந்தப் பதினாலு ஒரு வருஷம் வரைக்கும் தள்ளிப் போகும். எதைக் குறைச்சாலும் இன்சூரன்ஸை மட்டும் நிறுத்த வேண்டாம். இந்த வயசுல விட்டா திரும்பப் புதுசா எடுக்கிறது கஷ்டம்.

கணக்கு போட்டாச்சு, அதைக் கையில நிக்க வைக்கிறது வேற வேலை. மூத்த குடிமக்கள் திட்டத்தோட வட்டி மாசா மாசம் வராது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்ல மொத்தமா 49,200 வந்து விழும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல கைக்கு வர்றது 10,400 மட்டும்தான், வீட்டுச் செலவுக்கே பத்தாது. ஜூலையில வந்த பணம் கையில கனமா இருக்கேன்னு செலவாகி, ஆகஸ்ட் கடைசியில, செப்டம்பர்ல ஓணம் வர்றப்போ பேங்க்ல ஒண்ணும் இருக்காது. அப்போதான் அந்தத் தொடக் கூடாத மூணு லட்சத்துல கை வைக்கத் தோணும்.

இன்சூரன்ஸ், பில், பண்டிகை, ரிப்பேர், இந்த நாலும் சேர்த்து வருஷத்துக்கு 1,30,100. காலாண்டுக்கு 32,500. இதுக்குன்னு ஏ.டி.எம். கார்டு வாங்காம இன்னொரு சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சு, 49,200 விழுந்த அன்னைக்கே 32,500-ஐ அங்கே தள்ளிடணும். மீதி 16,700-ஐ மூணு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 5,570. அதோட 10,400 சேர்த்தா கிட்டத்தட்ட 16,000. வீட்டுச் செலவும் வைத்தியமும் 15,775. சரியா உட்காருது.

கணக்கு தப்பாப் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அந்த ரெண்டாவது கணக்குல ஓணம் முடிஞ்ச மறுவாரம் இருப்பு என்னன்னு வருஷா வருஷம் எழுதி வைக்கணும். பெரிய ரிப்பேர் எதுவும் செய்யாத வருஷத்துல அது போன வருஷத்தைவிடக் கூடியிருக்கணும், ஏன்னா பெயிண்டுக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கினது அங்கேதான் சேருது. கூடலைன்னா ஏதோ ஒரு வரியைக் குறைச்சுப் போட்டிருக்கோம். பெரும்பாலும் அது மொய்யா இருக்கும், இல்லைன்னா ஆள் கூலியா இருக்கும்.

அடுத்த காலாண்டோட முதல் வேலை நாள்ல அடுத்த வட்டி வரும். அதுக்குள்ள பேங்க் பாஸ்புக்கையும் ஒரு வருஷத்து பில்லையும் எடுத்து உங்க வீட்டு வருஷக் கணக்கைக் கூட்டிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டுங்க. நோட்டு எழுதுறது அண்ணாச்சியா இருந்தாலும், எந்த மாத்திரை எத்தனை நாள் வரும், எந்தச் சுவர் பூத்திருக்கு, யார் வீட்டுக் கல்யாணம் எப்போன்னு தெரிஞ்சவங்க அக்காதான்.